அப்பத்தாவின் ‘நார்மல்’ வேறு!

வெள்ளிக்கிழமை காலை 6.40-க்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ் இன்னும் அப்படியே கிடக்கிறது. ‘அப்பத்தாவுக்கு கார்பன் டை ஆக்சைடு 80-ல இருந்து 42-க்கு வந்துருச்சு. நார்மல்! யாரும் பயப்பட வேணாம்.’ அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். துபாயில் இருக்கும் சித்தப்பா மட்டும், ‘முருகா!’ என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து, அந்த ‘நார்மல்’தான் பிரச்னை என்று தெரியவந்தது.

அப்பத்தாவுக்கு 74 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. ஆனால், 40 வருஷம் ஜன்னல் இல்லாத அடுப்படியில் விறகு அடுப்பை ஊதியிருக்கிறார். அந்தப் புகை நுரையீரலில் செய்த வேலைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் சி.ஓ.பி.டி. மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாத நிலை. வெளியே வரவேண்டிய கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்க ஆரம்பித்துவிடும்.

இந்த முறை சளி பிடித்து அஞ்சு நாள் இழுத்திருக்கிறது. ‘சுக்குத் தண்ணி குடிச்சா சரியாப் போகும்’ என்று யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டார். வியாழக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ணி, ‘அப்பத்தா கூப்பிட்டா கண்ணைத் திறக்குது, திரும்பத் தூங்கிப்போகுது’ என்றார். நான் சென்னையிலிருந்து பஸ் பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், அவரை வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்.

அப்பாவின் கையில் இரண்டு துண்டுச் சீட்டுகள் இருந்தன. மணிக்கட்டு ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்துச் செய்கிற ஏ.பி.ஜி டெஸ்ட்டின் ரிசல்ட்கள். ராத்திரி எடுத்ததில் கார்பன் டை ஆக்சைடு 80. காலையில் எடுத்ததில் 42. பக்கத்திலேயே ‘இயல்பு அளவு: 35-45’ என்று அச்சடித்திருந்தது. தினமும் செய்திகளை வேகமாகப் படித்து, வேகமாகத் தலைப்பு வைக்கிற பழக்கம் எனக்கு. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் தலைப்பு வைத்துவிட்டேன்.

‘‘நமக்குத்தான் நார்மல்!’’

ஒன்பதரை மணிக்கு நுரையீரல் டாக்டர் வந்தார். 60 வயதை நெருங்கும் பெண்மணி. சீட்டைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், அப்பத்தாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. மானிட்டரில் நடுநடுவே ஒரு இதயத்துடிப்பு முறை தவறி விழுந்தது. வென்டிலேட்டர் கொடுக்கிற மூச்சைத் தவிர, அப்பத்தா தானாக ஒரு மூச்சுகூட இழுக்கவில்லை.

‘‘ராத்திரி மெஷின் வேகத்தைக் கொஞ்சம் கூடவே வெச்சுட்டாங்க’’ என்று நர்ஸிடம் சொல்லி, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்கிற எண்ணைக் குறைக்கச் சொன்னார்.

எனக்குத் திக்கென்றது. ‘‘மேடம், இப்பத்தானே நார்மலுக்கு வந்திருக்கு?’’

‘‘உனக்கும் எனக்கும்தாம்மா 42 நார்மல். இவங்களுக்கு இல்ல. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?’’

இருந்தது. போன வருஷம் அப்பத்தா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோது எடுத்த ஏ.பி.ஜி சீட்டை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். அதில் கார்பன் டை ஆக்சைடு 60. பைகார்பனேட் என்ற வரிக்கு எதிரே 32. பி.ஹெச் 7.34.

‘‘இதுதான் இவங்க நார்மல்’’ என்றார் டாக்டர். ‘‘நீ கார்பன் டை ஆக்சைடை மட்டும் பார்த்துருக்க. கிட்னி எழுதின வரியைப் பார்க்கல.’’

நுரையீரல் ரிப்போர்ட்டில் கிட்னிக்கு என்ன வேலை? அன்று ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் எங்களுக்குச் சொன்னதுதான் இந்தக் கட்டுரை.

புளியும் வெல்லமும்

கார்பன் டை ஆக்சைடு வெறும் காற்று இல்லை. ரத்தத்தில் இருக்கிற தண்ணீரோடு சேர்ந்ததும் அது அமிலமாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் பிரிகின்றன. அவை கூடக்கூட பி.ஹெச் இறங்கும். உடம்புக்குப் பிடித்த பி.ஹெச் 7.35-லிருந்து 7.45 வரை. இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நம் இதயமும் மூளையும் தசைகளும் சரியாக வேலை செய்கின்றன.

அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது பைகார்பனேட். நாம் ஆப்ப மாவில் போடுகிற சோடாவில் இருப்பதும் அதுதான். பி.ஹெச் எவ்வளவு என்பதை கார்பன் டை ஆக்சைடு தனியாகவோ, பைகார்பனேட் தனியாகவோ தீர்மானிப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்கிறது.

‘‘புளிக்குழம்புல புளி தூக்கலாப் போச்சுன்னா உங்கம்மா என்னங்க செய்வாங்க?’’ என்று அப்பாவிடம் கேட்டார் டாக்டர்.

‘‘துண்டு வெல்லம் போடும்.’’

‘‘அதேதான். புளியை எடுக்க முடியாது, அதனால வெல்லத்தைப் போட்டுச் சரிக்கட்டுறோம். இவங்க நுரையீரலால கார்பன் டை ஆக்சைடை எடுக்க முடியல. அதனால கிட்னி பைகார்பனேட்டைக் கூட்டிச் சரிக்கட்டிருக்கு. ஆனா, அடுப்புல நிக்கிற ஆளு மாதிரி உடனே செய்யாது. அதுக்கு மூணு நாள்லேருந்து அஞ்சு நாள் வேணும்.’’

நம்மைப் போன்ற ஒருவருக்கு கார்பன் டை ஆக்சைடு 40-லிருந்து சட்டென்று 80-க்கு ஏறினால், பைகார்பனேட் 24-லிருந்து 28-ஐத்தான் தொடும். ரத்தமே அவசரத்துக்குச் செய்துகொள்கிற ஏற்பாடு அது. பி.ஹெச் 7.16 வரை விழுந்துவிடும். அப்பத்தா வந்தபோதும் கார்பன் டை ஆக்சைடு அதே 80-தான். ஆனால், அவருடைய பைகார்பனேட் 38. அதனால் பி.ஹெச் 7.29-ல் நின்றது. அவர் சுக்குத் தண்ணி குடித்துக்கொண்டு படுத்திருந்த அந்த அஞ்சு நாளும், கிட்னி தூங்காமல் வேலை பார்த்திருக்கிறது.

அஞ்சு நாள் ஏன் ஆகிறது?

ஆரோக்கியமான ஒருவரின் கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதோடு சேர்ந்து வடிகிற பைகார்பனேட்டை ஆப்ப சோடாவாகக் கணக்குப் போட்டால் 360 கிராம் வரும். இவ்வளவும் சிறுநீரில் போய்விட்டால் ஒரே நாளில் நம் கதை முடிந்துவிடும். அதனால், வடிந்த பைகார்பனேட் அத்தனையையும் கிட்னி திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி வடிகுழாயின் முதல் பாகத்திலேயே மீட்கப்படுகிறது.

மீட்கிற விதமும் சுவாரஸ்யமானது. குழாயின் சுவரில் உள்ள செல், ஒரு ஹைட்ரஜன் அயனியைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அது அங்கே இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. அந்தக் கார்பன் டை ஆக்சைடு செல்லுக்குள் நழுவி வந்து, மறுபடி பைகார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. பைகார்பனேட் ரத்தத்துக்குப் போகிறது. ஹைட்ரஜன் அயனி அடுத்த நடைக்குக் குழாய்க்குள் போகிறது. ஆற்றில் ஆளை ஏற்றி இறக்குகிற பரிசல் மாதிரி.

ஆனால், இதெல்லாம் இருப்பதை இழக்காமல் காப்பது மட்டும்தான். 24-ஐ 38 ஆக்க வேண்டுமென்றால் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் அயனியை உடம்பைவிட்டே வெளியேற்ற வேண்டும். ஒரு ஹைட்ரஜன் அயனி சிறுநீரோடு வெளியே போனால், ஒரு புது பைகார்பனேட் ரத்தத்தில் சேரும்.

இங்கேதான் சிக்கல். சிறுநீரின் பி.ஹெச் சுமார் 4.5-க்குக் கீழே போக முடியாது. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து தினமும் சேர்கிற அமிலத்தை மட்டும் அப்படியே தனி ஹைட்ரஜன் அயனிகளாக வெளியேற்ற வேண்டும் என்றாலே, 1,500 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். அதனால், ஹைட்ரஜன் அயனியை ஏதாவது ஒன்றின் முதுகில் ஏற்றித்தான் அனுப்பியாக வேண்டும். சாப்பாட்டிலிருந்து வரும் பாஸ்பேட் கொஞ்சம் சுமக்கும். அதன் அளவைக் கிட்னியால் பெரிதாகக் கூட்ட முடியாது. தேவைக்கேற்பக் கூட்டக்கூடியது அம்மோனியா. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, கிட்னி தானே அதைத் தயாரிக்கிறது.

‘‘அம்மோனியா தயாரிக்கிறது ஒரு பட்டறைனு வெச்சுக்கோ’’ என்றார் டாக்டர். ‘‘ஆர்டர் கூடினா, உடனே உற்பத்தி கூடிருமா? ஆளைச் சேர்க்கணும், மெஷினைச் சேர்க்கணும். கிட்னியும் அதுக்கு வேணுங்கிற என்சைம்களை முதல்ல தயார் பண்ணணும். அதுக்குத்தான் இத்தனை நாள்.’’

இதற்கு எல்லையும் உண்டு. கிட்னி பி.ஹெச்சைப் பழையபடி 7.40-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிடாது. பக்கத்தில் கொண்டுவரும், அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு பத்து ஏறினால், பைகார்பனேட் மூன்றரையிலிருந்து நான்கு வரை ஏறும் என்பது டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. அப்பத்தாவின் போன வருஷச் சீட்டில் கார்பன் டை ஆக்சைடு இருபது அதிகம். பைகார்பனேட் எட்டு அதிகம். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால், வேறு ஏதோ ஒன்றும் நடக்கிறது என்று தேட வேண்டும்.

வெல்லத்தை எப்படி எடுப்பது?

இப்போது என் வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம்.

வென்டிலேட்டர் ஒரே ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடை 80-லிருந்து 42-க்கு இறக்கிவிட்டது. ஆனால், அஞ்சு நாளாகக் கிட்னி சேர்த்துவைத்த பைகார்பனேட் ஒரே ராத்திரியில் எங்கே போகும்? காலைச் சீட்டில் அது 36. பி.ஹெச் 7.55. நான் கவனிக்காமல் விட்ட வரி. ராத்திரி அமிலப் பக்கம் இருந்த ரத்தம், விடிவதற்குள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விட்டது. குழம்பிலிருந்து புளியை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது வெல்லத் தண்ணீர்தானே!

பி.ஹெச் இப்படி மேலே போவதும் ஆபத்துதான். ரத்தத்தில் வேலை செய்யக்கூடிய கால்சியம் குறைந்து விரல்கள் துடிக்கலாம். பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுவதால் இதயத்துடிப்பு தடுமாறலாம். ‘மூச்சு விடு’ என்று மூளை கொடுக்கிற உத்தரவும் மந்தமாகிவிடும். அப்பத்தா தானாக மூச்சிழுக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நிலையில் குழாயை எடுக்கவே முடியாது.

வென்டிலேட்டர் வேகத்தைக் குறைத்ததும் மதியத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு 55-க்கு ஏறியது. பி.ஹெச் 7.43. நோயாளியின் கார்பன் டை ஆக்சைடு ஏறியதற்காக ஒரு குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால், கிட்னி கூடுதல் பைகார்பனேட்டைக் கொட்ட ஆரம்பிக்க வேண்டுமே? அதற்கு டாக்டர் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ரத்தத்தில் குளோரைடு 86. குறைந்தபட்சம் 96 இருந்திருக்க வேண்டும். பொட்டாசியம் 2.9. அதுவும் குறைவு.

‘‘கால் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுறாங்களா?’’

‘‘ஆமா மேடம். நீர் பிரியுற மாத்திரை. மூணு நாளா முழுங்க முடியலைன்னு போடல’’ என்றார் அப்பா.

கிட்னி வடிகுழாயின் கடைசிப் பகுதியில், பைகார்பனேட்டை வெளியே தள்ளுவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. ஆனால், அவை சும்மா தள்ளாது. ஒரு குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டால்தான், ஒரு பைகார்பனேட்டை வெளியே விடும். பண்டமாற்று! அப்பத்தாவிடம் மாற்றிக்கொள்ளக் குளோரைடு இல்லை. பைகார்பனேட்டைத் தயாரித்த அந்த அஞ்சு நாளில், அம்மோனியாவோடு சேர்ந்து கொஞ்சம் குளோரைடு சிறுநீரில் போயிருந்தது. அதற்கு முன்பு பல வாரமாக நீர் மாத்திரையும் உப்போடு குளோரைடை வெளியேற்றியிருந்தது. பொட்டாசியம் குறைந்தால் கிட்னி இன்னும் பிடிவாதமாக ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். பைகார்பனேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

டாக்டர் சிறுநீர் டெஸ்ட் எழுதினார். சிறுநீரில் குளோரைடு 9. அதாவது, கிட்னி கிடைத்த குளோரைடை எல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் காரப் பக்கம் இருக்கும்போதே, சிறுநீரோ அமிலமாக இருந்தது. முறைப்படி பார்த்தால் தலைகீழாக இருக்க வேண்டும்.

‘‘சிறுநீர் பி.ஹெச் எப்ப ஏழைத் தாண்டுதோ, அப்பத்தான் எனக்கு நிம்மதி. அப்பத்தான் கிட்னி பைகார்பனேட்டை விட ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம்’’ என்றார்.

வைத்தியம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். உப்பு! பொட்டாசியம் குளோரைடும், மெதுவாக இறங்குகிற சலைன் பாட்டிலும். சலைன் என்பது சாதா சோடியம் குளோரைடுதான். ‘‘கால் வீக்கம் இருக்கே மேடம், சலைன் ஏத்தலாமா?’’ என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இதயத்தில் பாரம் ஏறிவிடாமல் இருக்க, நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். பைகார்பனேட்டை நேரடியாகக் கழிக்க வைக்கிற அசிட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை இருக்கிறதாம். பொட்டாசியத்தை அது இன்னும் குறைத்துவிடும் என்பதால் டாக்டர் அதைத் தள்ளிவைத்தார்.

ஐசியூ வாசலில் மூன்று நாள்

சனிக்கிழமை காலை பைகார்பனேட் 35. ஒரே ஒரு புள்ளி. நான் எரிச்சலாகிவிட்டேன். வென்டிலேட்டர் ஒரு ராத்திரியில் 38 புள்ளி இறக்குகிறது, கிட்னி ஒரு நாள் முழுக்க ஒரு புள்ளிதானா? ஆனால், அன்று சாயங்காலம் சிறுநீரின் பி.ஹெச் 7.5 என்று நர்ஸ் வந்து சொன்னார். பொட்டாசியம் 3.6. விரல் துடிப்பு நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை 33. மதியம், மெஷின் கொடுக்கிற மூச்சுகளுக்கு நடுவே அப்பத்தா தானாக ஒரு மூச்சு இழுத்தார். வென்டிலேட்டர் திரையில் ஒரு சின்ன அலை. நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

திங்கள்கிழமை 31. காலை பதினொரு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ஏ.பி.ஜி-யில் கார்பன் டை ஆக்சைடு 56, பி.ஹெச் 7.36. அச்சடித்த ‘இயல்பு அளவு’க்குள் பார்த்தால் பி.ஹெச்சைத் தவிர இரண்டு எண்களும் தப்பு. அப்பத்தாவுக்கு அது மூன்றுமே சரி.

பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: ‘‘ஏ ஆத்தா, லீவு போட்டா வந்த? சம்பளத்தைப் பிடிக்க மாட்டானா?’’

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் மூன்று விஷயங்கள் சொன்னார். நீர் மாத்திரையை நாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குறிப்பிட்ட நாளில் பொட்டாசியமும் குளோரைடும் பார்க்க வேண்டும். வீட்டு ஆக்சிஜன் மெஷினின் திருகை, ‘மூச்சு வாங்குது’ என்று இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும். 99 காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், இவரைப் போன்றவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு மறுபடி ஏறும்.

மூன்றாவது விஷயம், அந்தக் கடைசிச் சீட்டு. அதை லேமினேட் செய்து ஆக்சிஜன் மெஷினிலேயே கட்டித் தொங்கவிடச் சொன்னார். ‘‘அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த ராத்திரியில போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க. டியூட்டில இருக்கிறவங்களுக்கு இவங்க பழைய கணக்கு தெரியாது. அச்சடிச்ச நார்மலுக்குத்தான் இழுத்துட்டுப் போவாங்க.’’

அன்று ராத்திரி குடும்ப குரூப்பில் அந்தச் சீட்டின் போட்டோவைப் போட்டேன். கீழே, ‘56, 31, 7.36. அப்பத்தாவோட நார்மல் இதுதான். எல்லாரும் போன்ல சேவ் பண்ணி வைங்க’ என்று எழுதினேன்.

சித்தப்பா கேட்டார், ‘56-ஆ? அன்னைக்கு 42-ன்னு சொன்ன?’

பதிலை டைப் பண்ண ஆரம்பித்தேன். நீளமாகப் போனது. போன் பண்ணிவிட்டேன்.